செய்திக்குறிப்பின் அடியில் வரும் "நிறுவனத்தைப் பற்றி" பத்தி: புதுப்பிப்பதும் சுருக்குவதும்

நிரஞ்சனா (கோவை)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் பம்புகளும் மோட்டார்களும் தயாரிக்கும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் தகவல் தொடர்புப் பிரிவில் அண்மையில் பொறுப்பேற்றுள்ளேன். எங்கள் செய்திக்குறிப்பு எதுவாயினும் அதன் அடியில் "நிறுவனத்தைப் பற்றி" என்ற பத்தி ஒன்று வந்துவிடும். அதை முதலில் எழுதியவர் யார், கடைசியாகத் திருத்தியவர் யார் என்று கேட்டால் அலுவலகத்தில் எவருக்கும் தெரியவில்லை. பெயரை நீக்கி, எண்களைச் சற்றே மாற்றி, அந்தப் பத்தியை இங்கே தருகிறேன்.

> 1968-ஆம் ஆண்டு ஒரு சிறிய பட்டறையாகத் தொடங்கப்பட்ட (பெயர்) லிமிடெட், இன்று இந்தியாவின் முன்னணி பம்பு மற்றும் மோட்டார் தயாரிப்பு நிறுவனங்களில் ஒன்றாகத் திகழ்கிறது. கடந்த 45 ஆண்டுகளுக்கும் மேலாக வாடிக்கையாளர்களின் பேராதரவைப் பெற்றுவரும் இந்நிறுவனம், 5 அதிநவீன தொழிற்சாலைகள், 1,850 ஊழியர்கள், 700-க்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்கள் ஆகியோரின் துணையுடன் 42 நாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வருகிறது. ஐஎஸ்ஓ 9001:2008 தரச்சான்று பெற்ற இந்நிறுவனம், தரம், புதுமை, நம்பகத்தன்மை ஆகிய மூன்றையும் தன் உயிர்மூச்சாகக் கொண்டு செயல்படுகிறது. பல்வேறு மாநில மற்றும் தேசிய விருதுகளைப் பெற்றுள்ள இந்நிறுவனம் விரைவில் சூரிய ஆற்றல் பம்புத் துறையிலும் தடம் பதிக்கவுள்ளது.

அடுத்த மாதம் ஒரு பெரிய செய்திக்குறிப்பு வெளிவர இருக்கிறது. அதற்கு முன் இந்தப் பத்தியை நடப்புக்குக் கொண்டுவந்து, பாதியளவாகக் குறைக்க வேண்டும் என்று மேலாண்மை இயக்குநர் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு துறைத் தலைவரும் தத்தம் வரி நீங்கக் கூடாது என்கிறார். எங்கிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

அருள் (சென்னை)

மேடம், அந்தப் பத்தியைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. "எதிர்காலம் குறித்த கூற்றுகள் மாறுபடக்கூடும், நிறுவனம் பொறுப்பாகாது" என்பதெல்லாம் வழக்கறிஞர்கள் பார்த்துப் பார்த்து எழுதியவை. நான் முன்பு பணியாற்றிய மென்பொருள் நிறுவனத்தில் அதில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற விடமாட்டார்கள்.

இராஜகோபால் (நிறுவனச் செயலர்)

அருள் தம்பி, நீங்கள் சொல்வது வேறு பத்தி. எதிர்காலக் கூற்றுகள் பற்றிய எச்சரிக்கை, அமெரிக்காவில் 1995-இல் வந்த பங்குப் பத்திர வழக்குச் சீர்திருத்தச் சட்டம் தரும் பாதுகாப்பை ஒட்டிப் பரவலான வழக்கம். அமெரிக்கச் சந்தையிலும் பங்கு பட்டியலிட்ட நம் மென்பொருள் நிறுவனங்களுக்கு அது அவசியமானது. அதைச் சட்டப் பிரிவினர்தான் கையாள வேண்டும். நிரஞ்சனா கேட்பது நிறுவனத்தை அறிமுகப்படுத்தும் பத்தி. தகவல் தொடர்புப் பிரிவு அதை எழுதி, நாங்கள் சரிபார்த்துக் கொடுப்பதே முறை.

இருப்பினும் சட்டத்தின் பக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் பெயர், பதிவு அலுவலக முகவரி, அடையாள எண்ணான சிஐஎன், தொலைபேசி எண், மின்னஞ்சல், இணையதளம் ஆகியவை வணிகக் கடிதங்களிலும் அதிகாரப்பூர்வ வெளியீடுகளிலும் இடம்பெற வேண்டும். எனவே இவை அனைத்தையும் அந்தப் பத்திக்குள் சேர்த்துவிடுங்கள். சுருக்க வேண்டும் என்று இவற்றை வெட்டிவிடக் கூடாது.

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

இராஜகோபால் ஐயா, பிரிவு சரிதான்; ஆனால் அந்த விவரங்கள் தாளில் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் தேவை. அவற்றை எந்தப் பத்தியில் வைக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. செய்திக்குறிப்பு நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் செல்லும்போது மேலே அல்லது அடியில் இவை அனைத்தும் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். இருபத்தொரு எழுத்து நீளமுள்ள சிஐஎன் எண்ணை அறிமுகப் பத்திக்குள் திணித்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

நிரஞ்சனா, உங்கள் பத்தியை இரண்டு முறை படித்தேன். அது நீளமாக இருப்பது இரண்டாவது பிரச்சினைதான். அதற்குள் காலாவதியான கூற்றுகள் இருக்கின்றன. அவற்றை முதலில் எடுத்தாலே நீளமும் ஓரளவு குறைந்துவிடும்.

ஐஎஸ்ஓ 9001:2008 என்ற வரியைப் பாருங்கள். அந்தத் தரநிலையின் அடுத்த பதிப்பு 2015 செப்டம்பரில் வந்துவிட்டது. பழைய பதிப்பிலிருந்து மாற மூன்றாண்டு அவகாசம் தரப்பட்டு, 2018 செப்டம்பரோடு 2008 பதிப்பின் சான்றிதழ்கள் செல்லாதவையாயின. உங்கள் தொழிற்சாலை நிச்சயமாக 2015 பதிப்புக்கு மாறியிருக்கும். பத்தி மட்டும் மாறவில்லை. ஏற்றுமதி வாடிக்கையாளர் ஒருவர் இதைப் படித்தால், சான்றிதழ் காலாவதியான நிறுவனம் என்றுதான் புரிந்துகொள்வார். "கடந்த 45 ஆண்டுகளுக்கும் மேலாக" என்பது இன்னொன்று. 1968-உடன் 45-ஐக் கூட்டினால் 2013 வருகிறது. ஆகவே இந்தப் பத்தி 2013-ஐ ஒட்டி எழுதப்பட்டு, அதன் பிறகு தொடப்படவில்லை என்பதைப் பத்தியே காட்டிக்கொடுக்கிறது. தொடங்கிய ஆண்டு ஒருபோதும் மாறாது. "இத்தனை ஆண்டுகளாக" என்பது ஒவ்வோர் ஆண்டும் பழையதாகும். இரண்டில் ஒன்று போதுமென்றால், ஆண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

"விரைவில் தடம் பதிக்கவுள்ளது" என்பதே எல்லாவற்றிலும் ஆபத்தானது. நீங்கள் வெளியிடவிருக்கும் செய்தி எதைப் பற்றியது என்று கேட்கலாமா?

நிரஞ்சனா (கோவை)

வானதி அம்மா, மிக்க நன்றி. பிஎம்-குசும் திட்டத்தின் கீழ் சூரிய ஆற்றல் பம்புகளுக்குக் கிடைத்துள்ள ஓர் ஆர்டரைப் பற்றிய செய்திதான் அது. அந்தத் திட்டம் 2019-இல் வந்தது முதல் எங்கள் நிறுவனம் அதில் பங்கேற்று வருகிறது. முதல் பத்தியில் "சூரிய ஆற்றல் பம்பு விற்பனை தொடர்ந்து வளர்ந்து வருகிறது" என்று எழுதிவிட்டு, கடைசிப் பத்தியில் "விரைவில் தடம் பதிக்கவுள்ளது" என்று முடித்திருக்கிறோம். நீங்கள் கேட்ட பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன்.

செய்தி மேசை (நாளிதழ் உதவி ஆசிரியர்)

நாளிதழ் ஒன்றின் வணிகப் பக்கத்தில் பணியாற்றுகிறேன். இத்தகைய பத்திகள் எங்கள் மேசையில் என்னவாகின்றன என்று சொன்னால் உங்களுக்குப் பயன்படலாம்.

அந்தப் பத்தியை நாங்கள் அப்படியே அச்சிடுவதில்லை. ஆனால் படிக்காமல் விடுவதும் இல்லை. செய்தியின் முதல் வாக்கியத்தில் நிறுவனத்தின் பெயருக்கு முன் ஓர் அடைமொழி தேவைப்படுகிறது: "கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட பம்பு தயாரிப்பு நிறுவனமான" என்பது போல. அந்த அரை வாக்கியத்தைத் தேடித்தான் உங்கள் கடைசிப் பத்திக்கு வருகிறோம். உங்கள் பத்தியில் கோயம்புத்தூர் என்ற பெயரே இல்லை! ஊர் தெரியாததால் இணையத்தில் தேடவேண்டி வரும். மாலை ஆறு மணிக்கு மேல், பக்கம் முடிகிற நேரத்தில், தேடுவதற்குப் பதிலாக அந்தச் செய்தியைச் சிறு துணுக்காக்கி விடுபவர்களும் உண்டு.

"முன்னணி" என்ற சொல்லை எந்த உதவி ஆசிரியரும் முதலில் அடித்துவிடுவார். எல்லா நிறுவனமும் முன்னணி நிறுவனமாகவே எங்களிடம் வருகிறது. "உயிர்மூச்சு" வரியையும் அவ்வாறே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில நிறுவனங்களின் தமிழ்க் குறிப்பில் செய்தி முழுவதும் யூனிகோடில் இருக்கும். கடைசிப் பத்தி மட்டும் `jkpo;` என்பது போல் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். அந்தப் பத்தி பாமினி போன்ற பழைய எழுத்துருவில் என்றோ தட்டச்சு செய்யப்பட்டு, ஆண்டாண்டாக வெட்டி ஒட்டப்பட்டு வருவதே காரணம். உங்கள் கணினியில் அந்த எழுத்துரு இருப்பதால் உங்களுக்குச் சரியாகத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. அனுப்புவதற்கு முன் அந்தப் பத்தியை எடுத்து, வெறும் மின்னஞ்சல் ஒன்றில் ஒட்டிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள்.

தினேஷ் (டிஜிட்டல் விளம்பரம்)

என் கருத்து சற்று மாறுபட்டது. செய்திக்குறிப்பு இன்று பல தளங்களில் பிரதி எடுக்கப்படுகிறது. எனவே பத்தியைச் சுருக்குவதற்கு மாறாக, "சிறந்த சோலார் பம்பு", "கோவை பம்பு தயாரிப்பாளர்" போன்ற தேடுசொற்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் உங்கள் தயாரிப்புப் பக்கத்தின் இணைப்பைக் கொடுத்தால் தேடுபொறியில் மேலே வரலாம். ஒரு பத்தியில் ஐந்தாறு இணைப்புகள் வைக்கலாம்.

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

தினேஷ், பத்தியில் நிறுவனத்தின் இணையதள முகவரி ஒன்று இருப்பது நல்லது என்ற அளவில் உங்களோடு உடன்படுகிறேன். தேடுசொற்களின் மேல் இணைப்புகளைப் பூட்டும் முறை பத்தாண்டுகளுக்கு முன்பே பயனற்றுப் போயிற்று. பிற தளங்களில் பரப்பப்படும் செய்திக்குறிப்புகளுக்குள் அப்படித் தேடுசொல்லின் மேல் இணைப்பு வைப்பதைச் செயற்கையான இணைப்புத் திட்டம் என்று கூகுள் 2013-லேயே தன் வழிகாட்டுதலில் சேர்த்துவிட்டது. பயன் கிடைக்காது என்பதோடு, செய்தியாளருக்கு அது விளம்பரமாகவும் தோன்றும்.

நீளத்துக்குப் பணக் கணக்கும் உண்டு. பன்னாட்டுச் செய்தி விநியோகச் சேவைகள் வழியாக அனுப்பினால், வழக்கமாக முதல் 400 சொற்களுக்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் ஒவ்வொரு நூறு சொல்லுக்கும் கூடுதல் கட்டணம். கடைசிப் பத்தியும் அந்தக் கணக்கில் சேரும். ஒவ்வொரு முறையும் ஒரே பழைய வரிகளுக்குப் பணம் கட்டுவதில் பொருளில்லை.

இனி நிரஞ்சனாவின் எண்களுக்கு வருகிறேன். 42 நாடுகள், 1,850 ஊழியர்கள், 700 விநியோகஸ்தர்கள் ஆகிய மூன்றும் எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டவை என்று ஒவ்வொரு துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். கேட்கும்போது "இந்த எண் சரியா?" என்று கேட்டால் "சரி" என்றுதான் பதில் வரும். "இந்த எண்ணை எப்படிக் கணக்கிட்டீர்கள், எந்தத் தேதி வரை?" என்று கேளுங்கள்.

நிரஞ்சனா (கோவை)

கேட்டுவிட்டேன் அம்மா. பதில்களைப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஏற்றுமதிப் பிரிவு சொல்லும் 42 என்பது தொடக்கம் முதல் இன்றுவரை ஒருமுறையேனும் பம்பு அனுப்பிய நாடுகளின் எண்ணிக்கையாம். கடந்த நிதியாண்டில் பொருள் அனுப்பிய நாடுகளை மட்டும் எண்ணினால் 29 வருகிறது. 1,850 என்பதில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் சேர்ந்திருக்கிறார்கள். மனிதவளப் பிரிவு தன் அறிக்கையில் நிரந்தர ஊழியர்களை மட்டும் 1,120 என்று காட்டுகிறது. விநியோகஸ்தர் எண்ணிக்கையை யாராலும் உறுதி செய்ய முடியவில்லை. (இவையும் மாற்றிய எண்கள்தான், விகிதம் மட்டும் உண்மையானது.) இந்த நிலையில் எதை எழுதுவது?

இராஜகோபால் (நிறுவனச் செயலர்)

இது என் துறை சார்ந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் செய்திக்குறிப்பு ஆர்டர் பற்றியது என்பதால், செபியின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலிடல் விதிமுறைகளில் 30-ஆவது விதியின் கீழ் அதைப் பங்குச் சந்தைகளுக்கும் அனுப்ப வேண்டி வரலாம். அப்படிப் பதிவேற்றிய பிறகு அது நிலையான ஆவணம். இணையதளத்தில் திருத்துவதுபோல் சத்தமின்றித் திருத்திவிட முடியாது. ஆகவே கடைசிப் பத்தியின் எண் ஆண்டறிக்கையின் எண்ணோடு முரண்படக் கூடாது. ஒரே மாதத்தில் ஓர் ஆவணம் 29 நாடுகள் என்றும் இன்னொன்று 42 நாடுகள் என்றும் சொன்னால், முதலீட்டாளர் கூட்டத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஊழியர் எண்ணிக்கைக்கு எளிய வழி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களுக்குள் வரும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் பிஆர்எஸ்ஆர் என்னும் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கையைக் கட்டாயமாக வெளியிடுகின்றன. அதில் நிரந்தர ஊழியர், நிரந்தரமற்ற ஊழியர், தொழிலாளர் என்று தனித்தனியே எண்ணிக்கை இருக்கும். உங்கள் நிறுவனம் அந்த வரம்புக்குள் வந்தால் அதே எண்ணை, அதே வரையறையோடு எடுத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் ஆண்டறிக்கையில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றம் எதுவும் அண்மையில் நடந்திருக்கிறதா? நடந்து இரண்டாண்டுகள் ஆகவில்லையென்றால், புதிய பெயரோடு பழைய பெயரையும் அச்சிட வேண்டும் என்று அதே 12-ஆம் பிரிவு சொல்கிறது. லெட்டர்ஹெட்டில் அது இருந்தாலும், "முன்பு இன்ன பெயரில் இயங்கியது" என்ற சிறு தொடரைப் பத்தியிலும் வைப்பது வாசகருக்கும் உதவும். வானதி அம்மையார் சொன்னதை ஏற்று, சிஐஎன் பற்றிய என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

நன்றி ஐயா. இதோடு தேதி பற்றிய ஒரு விஷயத்தையும் சேர்க்க வேண்டும். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

எண்களைப் பத்தியில் வைப்பதற்கு இரண்டு நல்ல முறைகளைப் பார்த்திருக்கிறேன். டிசிஎஸ் நிறுவனம் தன் வருவாயைச் சொல்லும்போது எந்த மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டுக்கானது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அப்படிச் சொன்னால், அந்தக் குறிப்பை ஐந்தாண்டுகள் கழித்து யாராவது எடுத்துப் படித்தாலும் கூற்று பொய்யாகாது. ஆப்பிள் நிறுவனம் வேறு வழியில் செல்கிறது. 1984-இல் மெக்கின்டாஷ் அறிமுகமானதைச் சொல்லும் முதல் வாக்கியம் பல ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. அதன் பின் வரும் மென்பொருள் தளங்களின் எண்ணிக்கை நான்கிலிருந்து ஐந்தாகவும், பிறகு ஆறாகவும் மாறியது. ஊழியர்கள் "ஒரு லட்சத்துக்கும் மேல்" என்பது "ஒன்றரை லட்சத்துக்கும் மேல்" என்றானது. எலும்புக்கூட்டை மாற்றாமல், மாறக்கூடியவற்றை மட்டும் மாற்றுகிறார்கள். எண்ணையும் வட்டமாக வைப்பதால் அடிக்கடி தொட வேண்டியதில்லை. முருகப்பா குழுமம் 1900 என்ற தொடக்க ஆண்டோடு குழுமத்தின் மொத்த வருவாயையும் முதல் வரியிலேயே வைக்கிறது. அது ஆண்டுதோறும் தவறாமல் திருத்தும் ஒழுங்கு உள்ளவர்களுக்கே பொருந்தும் முறை.

திருத்தும் காலத்தையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய நிதியாண்டு பிறந்துவிட்டதே என்று ஏப்ரல் முதல் வாரத்தில் புதிய வருவாயைப் பத்தியில் போட்டுவிடாதீர்கள். தணிக்கை செய்யப்பட்ட ஆண்டு முடிவுகளை வெளியிட நிறுவனத்துக்கு அறுபது நாள், அதாவது மே 30 வரை அவகாசம் இருக்கிறது. அதற்கு முன் அந்த எண் வெளியே தெரிந்தால், அது பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியிடப்படாத தகவல். ஊட்டியில் ஒரு மரம் நடுவிழா பற்றிய குறிப்பின் அடியில் கிடந்தாலும் அது கசிவுதான். ஜூன் முதல் வாரம் வருவாய் வரிக்கும், ஆண்டறிக்கை வெளிவந்த பிறகு ஊழியர், நாடு எண்ணிக்கைகளுக்கும் என்று இரண்டு தேதிகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் ஆலை திறப்பு, துணை நிறுவனம் விற்பனை, பெயர் மாற்றம் போன்றவை நடந்தால் அன்றே திருத்துங்கள்.

இனி உங்கள் பத்தி. ஆங்கிலத்தில் நூறு சொற்களுக்குள் என்பது பொதுவான பழக்கம். தமிழில் உருபுகள் சொல்லோடு ஒட்டிவிடுவதால், அறுபது சொற்களைத் தாண்டினாலே நீளமாகத் தெரியும். என் வரைவு:

> (பெயர்) லிமிடெட், கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு, வேளாண்மைக்கும் வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்குமான பம்புகளையும் மோட்டார்களையும் 1968 முதல் தயாரித்து வருகிறது. சூரிய ஆற்றல் பம்புகளும் இதன் தயாரிப்புகளில் அடங்கும். ஐந்து தொழிற்சாலைகளில் 1,100-க்கும் மேற்பட்ட நிரந்தர ஊழியர்கள் பணியாற்றுகின்றனர். (ஆண்டு) மார்ச் 31-இல் முடிந்த நிதியாண்டில் இந்நிறுவனம் 29 நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தது. ஒருங்கிணைந்த வருவாய் ரூ. (தொகை) கோடி. பங்குகள் தேசியப் பங்குச் சந்தையிலும் மும்பை பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டுள்ளன. இணையதளம்: (முகவரி)

செய்தி மேசை நண்பர் கேட்ட அரை வாக்கியம் முதல் வரியிலேயே இருக்கிறது. அதில் மாறக்கூடிய எண் எதுவும் இல்லாததால் அந்த வரி நீண்ட காலம் நிற்கும். ஐஎஸ்ஓ சான்றும் விருதுகளும் விநியோகஸ்தர் எண்ணிக்கையும் நீங்கிவிட்டன. அவை வேண்டுவோருக்கு, இணையதளத்தில் தேதியிட்ட ஒரு பக்கத் தகவல் தாள் வையுங்கள். "என் வரி போய்விட்டது" என்று வருத்தப்படும் துறைத் தலைவர்களுக்கும் அந்தத் தாளில் இடம் கொடுக்கலாம். அதில் இடத்துக்குத் தட்டுப்பாடில்லை.

சுகந்தன் (யாழ்ப்பாணம்)

வணக்கம். கொழும்பில் தலைமை அலுவலகம் கொண்ட ஒரு குழுமத்தின் தமிழ் ஊடகத் தொடர்பைப் பார்க்கிறேன். எங்கள் ஊடக அறிக்கைகள் ஆங்கிலம், சிங்களம், தமிழ் ஆகிய மூன்று மொழிகளிலும் போகின்றன. ஆங்கிலப் பத்தியை ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிறார்கள். தமிழ்ப் பத்திக்கு அந்தச் செய்தி வந்து சேர்வதில்லை. கடைசியில் ஒரே நாளில் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு எண்ணும் தமிழ்ப் பத்திரிகையில் வேறொரு எண்ணும் வந்தது. இதை எப்படித் தடுப்பது? அதோடு, இரு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிடும் அறிக்கைகளில் இரண்டு நிறுவனப் பத்திகளும் சேர்ந்து செய்தியைவிட நீளமாகி விடுகின்றனவே, அதற்கு என்ன வழி?

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

சுகந்தன், மொழிகளுக்குத் தனித்தனிக் கோப்புகள் இருக்கும் வரை இது நடந்துகொண்டேதான் இருக்கும். ஒரே கோப்பில் மூன்று மொழிப் பத்திகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, மேலே "கடைசியாகச் சரிபார்த்த தேதி, சரிபார்த்தவரின் பதவி" என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரு மொழியில் எண் மாறினால் மற்ற இரண்டிலும் மாறாமல் அந்தத் தேதியை மாற்றக் கூடாது என்பதை விதியாக வையுங்கள். தமிழ்ப் பத்தியை ஆங்கிலத்திலிருந்து வரிக்கு வரி பெயர்க்காமல், அதே தகவல்களைக் கொண்டு தனியாக எழுதுங்கள்; உங்கள் தமிழ் வாசகருக்கு வடக்கு, கிழக்கில் உள்ள கிளைகள் முக்கியமாக இருக்கலாம்.

கூட்டு அறிக்கைகளுக்காக இரண்டே வாக்கியங்கள் கொண்ட குறும்பத்தி ஒன்றையும் அதே கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. நிரஞ்சனாவின் பத்தியில் முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் எடுத்து, இணையதள முகவரியைச் சேர்த்தால் அதுவே குறும்பத்தியாகிவிடும்.

நிரஞ்சனா (கோவை)

வரைவை மேலாண்மை இயக்குநரிடம் காட்டினேன், ஒப்புக்கொண்டுவிட்டார். பழைய பத்தி வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன். வேர்டு டெம்ப்ளேட்டில் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மக்கள் தொடர்பு ஏஜென்சியின் கணினி, ஏற்றுமதிப் பிரிவின் விலைப்புள்ளிக் கடிதம், வேலைவாய்ப்பு விளம்பரம், லிங்க்ட்இன் பக்கம் என்று எல்லா இடத்திலும் இருக்கிறது. இணையதளத்தில் மட்டும் எப்படி முழுமையாகத் தேடுவது?

தினேஷ் (டிஜிட்டல் விளம்பரம்)

இதற்கு என்னால் உதவ முடியும். பழைய பத்தியில் வேறெங்கும் வராத ஒரு தொடரை எடுத்து, மேற்கோள் குறிக்குள் வைத்து கூகுளில் தேடுங்கள். உங்கள் தளத்தின் முகவரியை இட்டு இப்படி:

```
site:example.com "9001:2008"
```

பிற தளங்களிலும் பார்க்க `site:` பகுதியை எடுத்துவிடுங்கள். படமாகச் சேமிக்கப்பட்ட பிடிஎஃப் கோப்புகளும் பாமினியில் உள்ளவையும் இதில் அகப்படாமல் போகலாம். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு யோசனை. இணையதளத்தில் பத்தியை ஒரே இடத்தில் வைத்து, எல்லாச் செய்திக்குறிப்புப் பக்கங்களும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும்படி செய்தால், ஒருமுறை திருத்தினால் போதும். எல்லாப் பக்கமும் தானாக மாறிவிடும்.

இராஜகோபால் (நிறுவனச் செயலர்)

தினேஷ் தம்பி, தேடும் முறை அருமை. ஆனால் இரண்டாவது யோசனையைத் தயவுசெய்து செயல்படுத்த வேண்டாம். 2019-இல் வெளியிட்ட குறிப்பின் அடியில் இந்த ஆண்டின் வருவாய் தெரிந்தால், பங்குச் சந்தைத் தளத்தில் இருக்கும் பிரதியும் நம் தளத்தில் இருக்கும் பிரதியும் வேறுபடும். பழைய குறிப்புகள் வெளியான அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருக்க வேண்டும். புதிய பத்தி இனி வரும் குறிப்புகளுக்கும், "எங்களைப் பற்றி" போன்ற நடப்புப் பக்கங்களுக்கும் மட்டுமே.

தினேஷ் (டிஜிட்டல் விளம்பரம்)

பதிவேற்றிய பிரதியைப் பற்றி நான் யோசிக்கவில்லை ஐயா. ஆனாலும் செல்லாத சான்றிதழைச் சொல்லும் பழைய பக்கம் தேடலில் வந்துகொண்டே இருந்தால் வாடிக்கையாளர் குழம்ப மாட்டாரா? மேலே "இது இன்ன தேதியில் வெளியான குறிப்பு, நடப்பு விவரங்களுக்கு இங்கே பார்க்கவும்" என்று ஒரு பட்டையாவது வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

இராஜகோபால் (நிறுவனச் செயலர்)

அதற்கு எனக்கு மறுப்பில்லை. குறிப்பின் உள்ளே கை வைக்காமல் வெளியே வைக்கும் அறிவிப்பு நல்லதே.

நிரஞ்சனா (கோவை)

பட்டை வைக்க இணையதளக் குழுவிடம் சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. தலைவர் ஐயா வரைவைப் படித்துவிட்டு, "எல்லாம் சரிம்மா, நிறுவனரின் பெயர் எங்கே?" என்று கேட்டார். பழைய பத்தியிலும் பெயர் இல்லை என்று சொன்னேன். அப்போதே சேர்த்திருக்க வேண்டும் என்கிறார். அவர் நிறுவனரின் மகன். எப்படி மறுப்பது, அல்லது மறுக்கத்தான் வேண்டுமா என்று தெரியவில்லை.

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

தகவல் தாளில் நிறுவனருக்கு ஒரு முழுப் பத்தியே கொடுங்கள். செய்திக்குறிப்பில் வேண்டாம் என்பதே என் கருத்து. ஒரு பெயர் நுழைந்தால் அதற்கு முன் "திரு", பின்னால் பட்டம், அடுத்து இன்றைய தலைவரின் பெயர் என்று வரி நீளும். பதவியில் இருப்போர் மாறும்போதெல்லாம் பத்தியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

செய்தி மேசை (நாளிதழ் உதவி ஆசிரியர்)

வானதி அம்மாவோடு இதில் மட்டும் மாறுபடுகிறேன். மறைந்த நிறுவனரின் பெயர், தொடங்கிய ஆண்டைப் போலவே மாறாத தகவல். கோவை வட்டாரத்தில் பல தொழில் நிறுவனங்களை எங்கள் வாசகர்கள் குடும்பத்தின் பெயரால்தான் அறிவார்கள். கிணற்றுக்கு மோட்டார் வாங்குகிற விவசாயிக்குப் பங்குச் சந்தைக் குறியீட்டைவிட அந்தப் பெயர்தான் அடையாளம். "1968-இல் (நிறுவனர் பெயர்) தொடங்கிய" என்று அடைமொழியோ பட்டமோ இன்றிச் சேர்த்தால் கூடுவது இரண்டு சொற்கள்தான். தமிழ்ப் பத்தியில் மட்டுமாவது வைக்கலாமே.

வானதி (மக்கள் தொடர்பு ஆலோசகர்)

தமிழில் மட்டும் வைத்தால், சுகந்தன் சொன்ன வேறுபாடு மொழிக்கு மொழி மீண்டும் தொடங்கிவிடுமே என்றுதான் தயங்குகிறேன். வைப்பதானால் இரு மொழியிலும் வைக்கட்டும். பட்டமில்லாமல் பெயரை மட்டும் எழுதுவதற்குத் தலைவர் ஐயா ஒப்புக்கொள்வாரா என்பதை நிரஞ்சனாதான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

நிரஞ்சனா (கோவை)

திங்கட்கிழமை அவரைச் சந்திக்கிறேன். பெயர் உள்ளது, பெயர் இல்லாதது என இரண்டு வரைவுகளையும் இரு மொழிகளிலும் அச்செடுத்துக் கொண்டுபோகிறேன். அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் இங்கே எழுதுகிறேன்.